அரைப் பரீட்சை லீவுல அஞ்சு ராத்திரி கும்பகோணம்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம் பசங்கள கூட்டிட்டு இதே தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம்தான் போனோம். மூணு நாள்ல பதினாலு இடம். லிஸ்ட் போட்டது நான்தான், எல்லாம் பக்கம் பக்கம்தானே இருக்கு, வந்தது வந்தோம் எதையும் விட்டுடக் கூடாதுன்னு ஒரு ஆசை. ரெண்டாவது நாள் சாயந்தரம் ஒரு கோயில் பிரகாரத்துல தம்பி (அப்ப அவனுக்கு அஞ்சு வயசு) தரையில உட்கார்ந்துட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு அழுதான், பாப்பா ஒரு தூண்ல சாஞ்சு கண்ண மூடிட்டு நின்னா, எங்கம்மா ரெண்டு பேரையும் பாத்துட்டு "போதும் கண்ணு, ரூமுக்குப் போலாம்"னாங்க. அன்னிக்கு ராத்திரியே தம்பிக்கு காய்ச்சல். அந்த பதினாலு இடத்துல இப்ப பசங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டா ஒரு ஓட்டல்ல கை கழுவுற இடத்துல பாத்த பூனைதான்.

அதனால போன டிசம்பர்ல மறுபடி அதே ஊருக்குப் போலாம்னு முடிவு பண்ணப்ப முதல்ல ஒரு வேலை செஞ்சேன், இத எல்லாரும் செஞ்சு பாக்கலாம். பழைய ட்ரிப்போட போட்டோ எல்லாம் போன்ல இருந்துச்சு, ஒவ்வொரு போட்டோவுக்கும் எடுத்த நேரம் இருக்கும்ல, ஒவ்வொரு இடத்துலயும் முதல் போட்டோ எத்தன மணிக்கு, பசங்க மூஞ்சி வாடிப்போன முதல் போட்டோ எத்தன மணிக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதினேன். தம்பி எந்த இடத்துக்குப் போனாலும் நாப்பது நிமிஷம் வரைக்கும்தான் நல்லா இருந்திருக்கான். பாப்பா ஒண்ணேகால் மணி நேரம் தாங்கியிருக்கா. மதியம் பன்னண்டுக்கு மேல எடுத்த போட்டோல ரெண்டு பேருமே ஒண்ணுலகூட சிரிக்கல. இன்னொண்ணும் தெரிஞ்சது, தம்பி அழறதுக்கு இருவது நிமிஷம் முன்னாடியே சட்டைக் காலர வாயில வச்சு கடிக்க ஆரம்பிச்சிருக்கான், மூணு நாலு போட்டோல அது அப்படியே இருக்கு. அன்னிக்கு நான் அத கவனிக்கவே இல்ல. இந்த தடவ அதுதான் எங்களுக்கு அலாரம், காலர் வாய்க்குப் போச்சுன்னா எங்க இருந்தாலும், என்ன பாக்காம விட்டிருந்தாலும், கிளம்பிடணும்னு வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வச்சுட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும், சிலது திரும்பத் திரும்ப தண்ணி கேக்கும், சிலது கூடப் பொறந்தத கிள்ளும், பழைய போட்டோலயும் வீடியோலயும் தேடிப் பாருங்க, தெரிஞ்சிரும்.

கணக்கு இவ்வளவு தெளிவா இருந்ததும் திட்டம் தானா சுருங்கிடுச்சு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் காலைல. மதியம் சாப்பிட்டு ரூம்ல படுக்கை. சாயந்தரம் எதுவும் கிடையாது, எதுவும் கிடையாதுன்னா உண்மையிலேயே எதுவும் கிடையாது, "பக்கத்துலதானே, ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்"னு ஒருத்தரும் சொல்லக்கூடாது. சோழநாட்டுக் கோயில் ஊருங்களுக்கு இது நல்லா பொருந்தும், ஏன்னா பெரும்பாலான கோயில்ல பன்னண்டு, பன்னண்டரைக்கு நடை சாத்தினா சாயந்தரம் நாலு மணிக்குதான் திறப்பாங்க. போன தடவ அந்த நாலு மணி நேரத்த வீணாப் போற நேரம்னு நெனச்சு அதுக்குள்ள அரண்மனை, மியூசியம், கடைவீதின்னு திணிச்சேன். சாமியே ஓய்வெடுக்குற நேரம் அது, பசங்கள மட்டும் ஏன் வெயில்ல இழுத்துட்டு சுத்தணும்.

அடுத்து தங்குற இடத்த மாத்தவே இல்ல. அஞ்சு ராத்திரியும் கும்பகோணத்துலயே ஒரே வீடு, திண்ணை வச்ச பழைய வீடு, பின்னாடி சின்னதா ஒரு முற்றம். தினமும் பெட்டிய கட்டி அவுத்து அடுத்த ஊருக்கு ஓடினா சின்னப் பசங்களுக்கு தூக்கம் கெடுது, முதல் ராத்திரி புது இடத்துல அரைகுறையாத்தான் தூங்குவாங்க, ஊர் மாத்துனா ஒவ்வொரு ராத்திரியும் அவங்களுக்கு முதல் ராத்திரிதான். கோயமுத்தூர்ல இருந்து போறவங்களுக்கு மயிலாடுதுறை ஜன்சதாப்தி இருக்கு, காலைல ஏழு மணி வாக்குல ஏறினா மதிய சாப்பாட்டுக்கு கும்பகோணம். இப்பல்லாம் ட்ரெயின் ரிசர்வேஷன் அறுவது நாள் முன்னாடிதான் திறக்குது, அரைப் பரீட்சை லீவு டிக்கெட்டுன்னா அக்டோபர் கடைசிலயே உக்காந்துரணும், தள்ளிப்போட்டா நாலு பேருக்கு நாலு பெட்டில சீட் கிடைக்கும். நாங்க அம்மாவோட சேத்து அஞ்சு பேர். போன அன்னிக்கு எந்தக் கோயிலும் கிடையாது. சாப்பிட்டு தூங்கி சாயந்தரம் மகாமகக் குளத்தச் சுத்தி ஒரு நடை, டிகிரி காப்பி எங்களுக்கு, பசங்களுக்கு பால், அவ்வளவுதான்.

ரெண்டாவது நாள் தாராசுரம். கும்பகோணத்துல இருந்து நாலு கிலோமீட்டர்தான், சுத்திப் பாக்குற முதல் நாளுக்கு கிட்ட இருக்குற சின்ன இடமா வச்சது நல்லதாப் போச்சு. ஐராவதேசுவரர் கோயில், ரெண்டாம் ராஜராஜன் காலத்துல, 12ஆம் நூற்றாண்டுல கட்டினது. தஞ்சாவூர் மாதிரி அண்ணாந்து பாக்குற கோயில் இல்ல, குனிஞ்சு தேடுற கோயில், அதனாலயே சின்னப் பசங்களுக்கு இதுதான் முதல்ல காட்டணும்னு எனக்குத் தோணுது. அவங்க கண்ணு உயரத்துலயே, அதுக்கும் கீழயே அவ்வளவு இருக்கு.

வரலாறு எதையும் முன்னாடியே சொல்லல. தம்பிக்கு நாலு படம் தேடணும்னு வேலை குடுத்தேன், ஒரு துண்டுச் சீட்டுல நானே கிறுக்கினது: கல்லுல ஒரு சக்கரம், தேர இழுக்குற குதிரை, ஒரே தலைய பங்கு போட்டுக்குற காளையும் யானையும், அப்புறம் முதலை. சக்கரமும் குதிரையும் உடனே கிடைச்சிருச்சு, முன் மண்டபமே தேர் மாதிரிதானே செஞ்சிருக்காங்க. காளை யானைக்குத்தான் நேரமாச்சு, படிக்கட்டுப் பக்கம் தேடி ரெண்டு தடவ அதத் தாண்டிப் போயிட்டான், மூணாவது தடவ பாப்பா எதுவும் சொல்லாம அங்கயே நின்னுட்டா, இவனும் நின்னு பாத்தான். ஒரு பக்கம் உடம்ப கைய வச்சு மறைச்சா காளை, அந்தப் பக்கம் மறைச்சா யானை. அவன் கைய இங்கயும் அங்கயும் வச்சு மறைச்சு மறைச்சு எத்தன தடவ பாத்தான்னு தெரியாது, பின்னாடி வந்த ஒரு குடும்பத்துக்கும் அப்படியே செஞ்சு காட்டினான்.

முதலை எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கருவறைச் சுவரோட அடியில பெரியபுராணக் கதைங்கள சின்னச் சின்ன சிற்பமா வரிசையா செதுக்கியிருக்காங்க, அதுல சுந்தரர் முதலை வாயில இருந்து பிள்ளைய வரவழைச்ச கதையும் இருக்கு. அந்தக் கதை நடந்ததா சொல்றது எங்க ஊர் பக்கத்து அவிநாசி. அவிநாசி கோயிலுக்கு வருஷத்துக்கு நாலு தடவயாவது போவோம், பசங்களுக்கு அந்தக் கதை அம்மாச்சி சொல்லித் தெரியும். முதலைய கண்டுபிடிச்சதும் எங்கம்மாதான் உக்காந்து, "இது நம்ம அவிநாசி முதலை கண்ணு"ன்னாங்க. தம்பி நம்பல. நம்ம ஊர் கதை இங்க எதுக்கு வந்துச்சுன்னு கேட்டான். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் பாப்பாகிட்ட ராஜா, நாயன்மார், பெரியபுராணம் எல்லாம் அஞ்சு நிமிஷம் பேசினேன், அஞ்சு நிமிஷம்தான். கேள்வி வராத இடத்துல நாம விளக்கம் சொன்னா அது பாடம், கேட்டதுக்கு அப்புறம் சொன்னா கதை, பசங்க மூஞ்சிலயே வித்தியாசம் தெரியும். அப்புறம் கோயிலச் சுத்தி இருக்குற புல்வெளில அரை மணி நேரம் ஓடினாங்க. ஒம்பது மணிக்குப் போய் பத்தரைக்கெல்லாம் வெளிய வந்துட்டோம். நந்திக்கிட்ட தட்டினா ஸ்வரம் கேக்கும்னு சொல்ற படிக்கட்டு இருக்கு, இப்ப கம்பி போட்டு மூடியிருக்காங்க, தட்ட முடியாது, அத சொல்லி ஆசை காட்டிட்டுப் போகாதீங்க, அங்க போய் ஏமாந்து நிப்பாங்க.

தஞ்சாவூருக்கு மூணாவது நாள். இதுதான் இந்த ட்ரிப்போட பெரிய நாள், நாப்பது கிலோமீட்டர் கார்ல போகணும், கூட்டமும் இருக்கும், டிசம்பர் கடைசின்னா ஐயப்ப பக்தர்கள், பள்ளிக்கூட டூர் பஸ்ஸு எல்லாம் சேந்து வரும். கார் ஓட்டிட்டு வந்த அண்ணன் வழியில பசங்ககிட்ட, பெரிய கோயில் கோபுரத்து நிழல் தரையில விழவே விழாதுன்னு சொன்னாரு. நானும் சின்ன வயசுல கேட்டதுதான், நம்மில் பாதிப்பேர் கேட்டிருப்போம். பாப்பா என்னப் பாத்தா. நான் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல, போய்ப் பாக்கலாம்னேன். அன்னிக்கு காலைல வேற எந்த வேலையும் குடுக்கல, அந்த ஒரு கேள்வி போதும்.

முதல்ல சாமி கும்பிட்டோம், ஏன்னா நடை சாத்துறதுக்குள்ள அது முடியணும். அப்புறம் நந்திகிட்ட கொஞ்ச நேரம், தூண் மண்டபத்துல உக்காந்து கொண்டுபோன இட்லிய... இல்ல, கோயிலுக்குள்ள சாப்பிடல, சாப்பாடு வெளிய கார்லயே முடிச்சிட்டுத்தான் வந்தோம், உள்ள வெறும் தண்ணிதான். பதினொண்ணரை மணிக்கு விமானத்துக்கு வடக்குப் பக்கம் போனோம். நிழல் தரையிலதான் கிடந்துச்சு. சண்டிகேசுவரர் சன்னதி மேல ஏறி இறங்கி அதத் தாண்டி முற்றத்துல நல்லா நீளமா கிடந்துச்சு. "ம்மா, விழுது!"ன்னு பாப்பா கத்தினதுல ரெண்டு மூணு பேர் திரும்பிப் பாத்தாங்க.

விழுதுன்னு தெரிஞ்சதோட விடல, அத வச்சே கோபுரத்த அளக்கலாம்னு வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு. இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இதவிட நல்ல கணக்கு கிடைக்காது. வேணுங்கறது ரெண்டு 30 செ.மீ. ஸ்கேல், நோட்டு, பிள்ளையோட காலடி. ஸ்கேல தரையில நேரா நிமித்தி நிறுத்தி அதோட நிழல இன்னொரு ஸ்கேலால அளக்கணும். சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் தஞ்சாவூருக்கு டிசம்பர் கடைசில பன்னண்டேகால் வாக்குல, அப்ப நிழல் சரியா வடக்குப் பாத்து இருக்கும், அதனால சுவருக்கு நேர் கோட்டுல நடந்தாப் போதும், சாய்வா நடக்க வேண்டாம். அந்த நேரத்துல எங்க ஸ்கேலோட நிழல் 20.5 செ.மீ. அதாவது நிழல் எவ்வளவோ அதுமாதிரி 1.46 மடங்கு உயரம்.

அப்புறம் பாப்பா விமானத்து அடிச்சுவர்ல இருந்து நிழல் நுனி வரைக்கும் நடந்தா. அவ ஒரு எட்டு 45 செ.மீ., முந்தின நாள் ராத்திரி வீட்டு முற்றத்துலயே பத்து எட்டு நடந்து அளந்து வச்சிருந்தோம். 62 எட்டு. கிட்டத்தட்ட 28 மீட்டர். இத 1.46ஆல பெருக்கி 41 மீட்டர்னு எழுதினா, உடனே அவளுக்கே சந்தேகம், போர்டுல போட்டிருக்குறதுக்கு இது ரொம்பக் கம்மியாச்சேன்னு. நாங்க சொல்லல, தம்பிதான் விமானத்தக் காட்டி, "நுனி நடுவுலல்ல இருக்கு"ன்னான். அதான் விஷயம். கோபுர நுனி சுவருக்கு நேர் மேல இல்ல, அடித்தளத்தோட நடுவுல இருக்கு, அதனால நிழலையும் நடுவுல இருந்துதான் எண்ணணும். உள்ள போய் அளக்க முடியாது, ஆனா அடித்தளம் சதுரம்தானே, பின்பக்கச் சுவரோரமா நடந்து பாத்தா 66 எட்டு, கிட்டத்தட்ட 30 மீட்டர், அதுல பாதி 15. இப்ப 28ம் 15ம் 43, அத 1.46ஆல பெருக்கினா 63 மீட்டருக்குப் பக்கம், அடியில சொன்னா 206. புத்தகத்துல 216 அடின்னு போடுவாங்க. பத்து அடி வித்தியாசம் எங்க போச்சுன்னு பாப்பா ரொம்ப நேரம் யோசிச்சா. எட்டு எல்லாம் ஒரே அளவா இருந்திருக்காது, அது ஒண்ணு. இன்னொண்ணு நிழல் நுனிய உத்துப் பாத்தா தெரியும், அது கூரா இருக்காது, மங்கலா கரைஞ்சிருக்கும், ஏன்னா சூரியன் ஒரு புள்ளி இல்ல, ஒரு வட்டம், அவ்வளவு உயரத்துல இருந்து விழற நிழலோட ஓரம் ஒரு முழத்துக்கு மேல மங்கிப்போகும், கலசம் மாதிரி ஒல்லியா இருக்குற பொருளோட நிழல் தரைக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சே போயிடும். நாம அளந்தது பெரும்பாலும் கலசத்துக்குக் கீழ வரைக்கும்தான்.

அப்ப ஏன் நிழல் விழாதுன்னு சொல்றாங்கங்கறதும் இந்தக் கணக்குலயே வந்துருது. ஏப்ரல் நடுவுல இருந்து கொஞ்ச நாள் தள்ளி, 18 வாக்குல, தஞ்சாவூருக்கு சூரியன் உச்சந்தலைக்கு மேலயே வரும். மார்ச் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் உச்சி வேளைல கோபுர நுனியோட நிழல் நடுவுல இருந்து 15 மீட்டருக்குள்ளயே நின்னுரும், அதாவது அடித்தளத்த விட்டு வெளிய வராது. அடி அகலமா, மேல போகப்போக குறுகி இருக்குற எல்லா கட்டடத்துக்கும் இப்படித்தான். மே மாச லீவுல மத்தியானம் வந்து பாத்தவங்களுக்கு நிழல் கண்ணுல பட்டிருக்காது. காலைலயோ சாயந்தரமோ பாத்திருந்தா எந்த மாசமா இருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.

வெறுங்கால்ல மத்தியானம் நிக்கிறது பத்தி கேப்பீங்க. டிசம்பர்ங்கறதால கல்லு தாங்குற சூடுதான், ஆனாலும் பசங்களுக்கு தடியான சாக்ஸ் போட்டு விட்டேன், பழசு, அழுக்கானா பரவாயில்லன்னு. இதே விஷயத்த மே மாசம் செய்யவே கூடாது, கால் பொத்துப்போகும். மழை மேகம் இருந்தாலும் நடக்காது, டிசம்பர்ல டெல்டாவுல மழைக்கு வாய்ப்பு இருக்கு, அதனாலதான் தஞ்சாவூர் நாள இன்ன தேதின்னு கட்டிப் போடாம, மூணாவது நாள் இல்லன்னா நாலாவது நாள்னு கார் அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம். பன்னண்டரைக்கு தம்பி காலர வாயில வச்சான். அரண்மனையும் சரஸ்வதி மகாலும் பக்கத்துலதான், வீட்டுக்காரருக்கு பாக்கணும்னு ரொம்ப ஆசை. என்ன ஒரு தடவ பாத்தாரு, அப்புறம் அவரே செருப்ப எடுக்கப் போயிட்டாரு. மூணு மணிக்கு கும்பகோணம் வீட்டுல எல்லாரும் தூங்கிட்டு இருந்தோம்.

அடுத்த நாள் வெத்து நாள். இத எங்க வைக்கறதுங்கறதுதான் முக்கியம், நெறைய பேர் ஓய்வு நாள கடைசில வைப்பாங்க, ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுத்துக்கலாம்னு. பெரிய நாளுக்கு மறுநாளே வைக்கணும். ஒம்பது மணி வரைக்கும் யாரும் எந்திரிக்கல. காலைல பதினோரு மணிக்கு "போர் அடிக்குது"ன்னு முதல் சத்தம் வந்துச்சு, எனக்கு கை போன எடுத்துக் குடுக்கத்தான் போச்சு, எங்கம்மா வேண்டாம்னு கண்ணக் காட்டினாங்க. ஒரு இருவது நிமிஷம் ரெண்டும் சண்டை. அப்புறம் சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா முற்றத்துல ஒரு சொம்பு, அதுக்கு மேல டம்ளர், அதுக்கு மேல எங்கம்மாவோட விபூதி டப்பா, கோபுரமாம், பக்கத்துல ஸ்கேல் நிக்குது, நிழல அளந்துட்டு இருக்காங்க. சொம்போட உயரத்த கணக்குப் போட்டுட்டு அப்புறம் நேரா ஸ்கேல வச்சு சரியான்னு பாக்குறாங்க. இங்க சரிபார்க்க முடியுதே, கோயில்ல முடியலையேன்னு பாப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். யாரும் செய்யச் சொல்லல. முந்தின நாள் பாத்தது உள்ள இறங்குறதுக்கு இந்த வெறும் நேரம் தேவைப்பட்டிருக்கு, அன்னிக்கும் வேற ஒரு கோயிலுக்குப் போயிருந்தா இது நடந்தே இருக்காது. சாயந்தரம் தெருப் பசங்களோட கிரிக்கெட், இருட்டுற வரைக்கும்.

தரங்கம்பாடி அஞ்சாவது நாள், அது முழுக்க விளையாட்டுக்கு. கார்ல ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை கடல ஒட்டியே இருக்கு, நான் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மணல்ல ரெண்டு மணி நேரம் குழி தோண்டினாங்க. கடல்ல முழங்கால் அளவுக்குத்தான்னு கண்டிப்பா சொல்லிட்டோம், டிசம்பர்ல அலை வேகமா இருக்கும், இழுப்பும் அதிகம், ஒரு பெரியவங்க தண்ணிக்கும் பிள்ளைக்கும் நடுவுல நின்னே ஆகணும், கரையில உக்காந்து பாத்துக்கறது எல்லாம் போதாது. கரையோரமா இருக்குற மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டுல கட்டினது, முன்பக்கத்த கடல் தின்னுடுச்சு. தம்பி ஈரக் காலோட வந்து அதப் பாத்துட்டு, கடலுக்குள்ள யாராவது கோயில் கட்டுவாங்களான்னு கேட்டான். கோயில் கடல்கிட்ட போகல, கடல்தான் கோயில்கிட்ட வந்துச்சுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு, அவன் திரும்பிப் போய் மணல்ல ஒரு கோயில் கட்டி அலை எத்தனாவது தடவைல அத எடுத்துட்டுப் போகுதுன்னு எண்ணிட்டு இருந்தான். மாத்துத் துணி ரெண்டு செட்டும், கால் கழுவ அஞ்சு லிட்டர் தண்ணி கேனும் கார்ல வச்சுட்டுப் போங்க, அங்க கழுவிக்கலாம்னு நம்பிப் போனா ஒட்டுன மணலோட ஒண்ணரை மணி நேரம் அரிச்சுட்டே வருவாங்க.

கடைசி நாள் காலைல சுவாமிமலை. மதியத்துக்கு மேலதான் ட்ரெயின், அதுக்குள்ள போயிட்டு வர்ற தூரம்தான். ஐம்பொன் சிலை செய்யுற பட்டறை ஒண்ணுல முன்னாடியே போன் பண்ணி, சின்னப் பசங்க வர்றாங்க, மெழுகு வேலை நடக்குற அன்னிக்குத்தான் வரணும்னு கேட்டு வச்சிருந்தோம். உலோகம் ஊத்துற அன்னிக்கு கூட்டிட்டுப் போகாதீங்க, பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா உருக்கின உலோகத்துக்கிட்ட ஏழு வயசுப் பையன பிடிச்சு நிறுத்துறது யாருக்கும் நிம்மதி இல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிசைஞ்ச மெழுகுல முதல்ல சிலைய செய்வாங்க, அதுமேல காவிரி வண்டல் மண்ண பூசி காயவச்சு, சூடு பண்ணினா மெழுகு உருகி வெளிய ஓடிரும், அந்த வெத்து இடத்துல உலோகத்த ஊத்தி, ஆறினதும் மண்ண உடைச்சு சிலைய எடுப்பாங்க. அச்சு உடைஞ்சு போறதால ஒவ்வொரு சிலைக்கும் மறுபடி மெழுகுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அங்க இருந்த பெரியவர் ஸ்கேல தொடவே இல்ல. ஒரு தென்னை ஓலை நறுக்க எடுத்து, சிலை உயரத்துக்கு வெட்டி, மடிச்சு மடிச்சு கோடு போட்டு, அதுல இருந்துதான் முகம் எவ்வளவு, கை எவ்வளவுன்னு எடுத்தாரு, அதுக்கு ஒடியோலைன்னு பேராம். மூணு நாளா ஸ்கேலோட சுத்திட்டு இருந்த பாப்பாவுக்கு அது தாங்கல. சிலை பெருசானா ஓலையும் பெருசாகும், மடிப்பு எண்ணிக்கை மட்டும் மாறாது, அப்படித்தானே தாத்தான்னு கேட்டா. அவரு வேலைய நிறுத்திட்டு அவளப் பாத்தாரு, "அதேதாம்மா"ன்னு சொல்லிட்டு தம்பி கையில கொஞ்சம் மெழுகு உருட்டிக் குடுத்தாரு. நாப்பது நிமிஷம். காலர் வாய்க்குப் போகல, ஆனா கிளம்பிட்டோம், ட்ரெயினுக்கு முன்னாடி சாப்பிட்டு கொஞ்சம் படுக்கணும்ல.

கங்கைகொண்ட சோழபுரம் இந்த தடவ லிஸ்ட்ல இருந்துச்சு, அடிச்சுட்டோம். கும்பகோணத்துல இருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், வெத்து நாள்ல போயிருக்கலாம்தான். ட்ரெயின்ல வீட்டுக்காரர், அடுத்த காலாண்டு லீவுக்கு அத மட்டும் பாக்க வரலாம், ராஜேந்திரன் கட்டினது, அதையும் அளந்துரலாம்னு சொன்னாரு. பாப்பா கொஞ்ச நேரம் ஜன்னல்ல பாத்துட்டு வந்தா, அப்புறம் நோட்ட எடுத்து என்னமோ கோடு போட்டா. "செப்டம்பர் கடைசின்னா உச்சில நிழல் வெளிய வராதுப்பா, காலைல ஒம்பது மணிக்கே போய்ட்டா சாய்வாத்தான் விழும், அதுக்கு வேற மாதிரி அளக்கணும்"னா. தம்பி அவ மடியில தலை வச்சு தூங்கிட்டு இருந்தான், மெழுகு உருண்டை கையிலயே இருந்துச்சு.